ஐந்தாம் அத்தியாயம் நான்காம் அத்தியாயத்தின் போட்டோஸ்டேட் ஆகாமல் இருக்க

என் முதுகலை ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம், அதாவது எல்லோரும் டிஸ்கஷன் என்று சொல்லும் கலந்துரையாடல், மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் தடவை மேற்பார்வையாளர் எழுதியிருந்தது ஒரே வரி: "இது நான்காம் அத்தியாயத்தின் போட்டோஸ்டேட்." நான்காவது முடிவுகள் அத்தியாயம். எண்களையெல்லாம் எடுத்துவிட்டு, படித்த ஆய்வுகளை வரிசையாக அடுக்கி மறுபடி அனுப்பினேன். "இப்போது இரண்டாம் அத்தியாயத்தின் போட்டோஸ்டேட்" என்று வந்தது, முந்தைய ஆய்வுகளைச் சொல்வது இரண்டாம் அத்தியாயம்தானே. மூன்றாம் தடவை அவர் ஒன்றும் எழுதவில்லை, பத்திக்குப் பத்தி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அதற்குள் ஒரு பருவம் போய்விட்டது, நீட்டிப்புக் கட்டணம் கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம்.

நான் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வெகுநாளாகிறது, நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். பகலில் வேலை, ராத்திரியில் எழுத்து, கேட்டுத் தெரிந்துகொள்ள பக்கத்தில் ஆள் கிடையாது. உங்கள் நிலைமையும் அப்படியென்றால் இதைப் படியுங்கள். நீங்கள் எழுதப்போவது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், மாதிரி வாக்கியங்களை நான் தமிழிலேயே தருகிறேன், சிக்கல் மொழியில் இல்லை.

என் ஆய்வு இதுதான்: தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தாமானுக்கு மாறி வந்த பெரியவர்களிடையே நீரிழிவு எத்தனை பேருக்கு இருக்கிறது, எதனோடு சேர்ந்து வருகிறது. 2019 கடைசியில், நடமாட்டக் கட்டுப்பாடு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, தரவு எடுத்தேன். கீழே வரும் என் ஆய்வு எண்களைக் கணக்குப் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று மாற்றி, 200 பேர் என்று வைத்திருக்கிறேன். தேசிய ஆய்வின் எண்கள் மட்டும் அசல்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், முடிவுகள் அத்தியாயத்தின் அட்டவணைகள், இறுதி வடிவத்தில். "அட்டவணையை அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம்" என்று தொடங்கினால் ஒரு எண் மாறும்போது அதன் மேல் கட்டிய பத்தி முழுக்க விழும். எனக்கு விழுந்தது.

இரண்டாவது, நீங்கள் ஒப்பிடப்போகும் ஆய்வுகளின் முழுக் கட்டுரைகள். சுருக்கத்தை மட்டும் படித்து ஒப்பிட வேண்டாம், ஏன் என்று மூன்றாம் படியில் தெரியும். பத்துப் பன்னிரண்டு போதும். பல கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், கிடைக்காததைப் பல்கலைக்கழக நூலகரிடம் கேட்டால் வாங்கித் தருவார், அதுவும் இல்லாவிட்டால் கட்டுரையாசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். நான் எழுதிய நால்வரில் மூவர் பிடிஎஃப் அனுப்பினார்கள். ஒரு கட்டுரைக்கு முப்பது நாற்பது டாலர் கட்டச் சொல்லும் பக்கத்தில் அட்டை எண்ணைத் தட்ட வேண்டாம்.

மூன்றாவது, ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியல். மக்களிடையே நோய்நிலையைக் கணக்கெடுக்கும் ஆய்வுகளை எப்படி எழுதுவது என்று 2007இல் வெளியானது, இலவசம். அதில் 22 அம்சங்கள், 18 முதல் 21 வரைதான் கலந்துரையாடலுக்கு: முக்கிய முடிவு, குறைபாடுகள், விளக்கம், வேறு மக்களுக்குப் பொருந்துமா என்பது. அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

நான்காவது, நிரப்பிய கேள்வித்தாள்கள். எண்களைக் கணினியில் ஏற்றிவிட்டோமே என்று பெட்டியில் கட்டிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள், வேலை இருக்கிறது.

செலவு என்று பார்த்தால் போட்டோஸ்டேட்டுக்கும் மூன்று நிற ஹைலைட்டர் பேனாவுக்கும் சேர்த்து முப்பது வெள்ளிக்குள். நான் வீணாக்கியது வேறு ஒன்று. இரண்டாவது தடவை திரும்பி வந்ததும் மொழிதான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மொழி திருத்திக் கொடுக்கும் ஒருவரிடம் பணம் கட்டிக் கொடுத்தேன். வாக்கியமெல்லாம் பளபளவென்று வந்தது, சொல்ல ஒன்றும் இல்லாத பத்தி அப்படியேதான் இருந்தது. மொழி திருத்தத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொரு முடிவையும் ஒரே வரியில் எழுதுங்கள்

அட்டவணைகளை மூடிவைத்துவிட்டு, "நான் என்ன கண்டேன்?" என்று கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். ஒரு முடிவுக்கு ஒரு வரி. என்னுடையவை மூன்று:

இங்கே பத்துப் பேரில் மூவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது.
சீனி போடாமல் தே-ஓ கோசோங் குடிப்பவர்களிடம்தான் அது கூடுதல்.
வெளிக்காட்டு வேலை செய்கிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அத்தியாயம் முழுக்க இந்த மூன்று வரிகள்தான். நான்காம் அத்தியாயத்தில் எனக்குப் பதினொரு அட்டவணைகள், முதல் நகலில் பதினொன்றுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதியதால்தான் அது போட்டோஸ்டேட் ஆனது. ஆண் பெண் விகிதம், திருமண நிலை, வருமானம் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். உங்கள் ஆய்வுக் கேள்விக்குப் பதில் சொல்லாத எண்ணுக்கு இங்கே இடமில்லை.

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: எண்ணே வரக்கூடாதா? வரலாம், ஒப்பிடுவதற்கு வேண்டிய எண் மட்டும். 30 விழுக்காடு என்று ஒருமுறை சொல்லிவிட்டு நேராக அதை எதனோடு வைத்துப் பார்க்கிறீர்களோ அங்கே போய்விடுங்கள். எழுதும் வாக்கியத்தை அட்டவணையிலிருந்து நேரே படித்துச் சொல்ல முடியுமென்றால் அது நான்காம் அத்தியாயத்து வாக்கியம்.

3. ஒப்பீட்டு அட்டவணை போடுங்கள், வெட்டு அளவைப் பாருங்கள்

இரண்டு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஓர் ஆய்வு. நெடுவரிசைகள்: எந்த ஆண்டு, யாரை எடுத்தார்கள், எத்தனை பேர், வயது, எதை எப்படி அளந்தார்கள், எந்த அளவுக்கு மேல் போனால் நோய் என்று வைத்தார்கள், கிடைத்த விகிதம், கடைசியாக "என் ஆய்விலிருந்து எங்கே வேறுபடுகிறது". இந்தக் கடைசி நெடுவரிசையில் எழுதுவதுதான் பிறகு கலந்துரையாடலாக மாறும். இந்த அட்டவணை ஆய்வேட்டில் வராது, உங்களுக்கு மட்டும்.

இதைப் போடாததால் நான் செய்த தவறைச் சொல்கிறேன். நாட்டில் நீரிழிவு எவ்வளவு என்று பார்க்க எல்லோரும் எடுப்பது சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு, என்.எச்.எம்.எஸ். நான் முதல் நகல் எழுதியபோது 2019 அறிக்கை வெளிவரவில்லை, ஆகவே 2015 அறிக்கையின் 17.5 விழுக்காட்டை எடுத்து, "எங்கள் குடியிருப்பில் 30, நாட்டில் 17.5" என்று எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் 2015இல், தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்த அளவு, வெறும் வயிற்றில் விரல் நுனி இரத்தத்தில் லிட்டருக்கு 6.1 மில்லிமோல். நான் வைத்தது 7.0. அவர்கள் கோட்டைக் கீழே போட்டிருக்கிறார்கள், நிறையப் பேர் கோட்டுக்கு மேலே வருவார்கள். 2019 ஆய்வு 7.0க்கு மாறியது, பழைய ஆண்டுகளையும் அதே அளவில் திரும்பக் கணக்கிட்டுக் காட்டியது. அப்படிப் பார்த்தால் 2015இன் எண் 13.4. அதே மக்கள், அதே இரத்தம், கோடு மாறியதும் 17.5 என்பது 13.4 ஆகிவிட்டது. 2019க்கு 18.3. இது தெரியாமல் ஒருவர் 17.5ஐயும் 18.3ஐயும் பக்கத்தில் வைத்து "நான்காண்டில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை" என்று எழுதிவிடலாம், உண்மையில் ஏறியது ஐந்து புள்ளிக்குக் கிட்டத்தில்.

இந்த விவரம் சுருக்கத்தில் கண்ணில் படாது, செய்முறைப் பகுதியில் நோயை எப்படி வரையறுத்தார்கள் என்று சொல்லும் இடத்தில் இருக்கும். முழுக் கட்டுரை வேண்டும் என்றது இதற்குத்தான். நீரிழிவில் இன்னொரு பொறி எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி 6.3 விழுக்காட்டில் கோடு போடுகிறது, உலக சுகாதார நிறுவனம் 6.5இல். உங்கள் துறை வேறாக இருந்தால் கோடும் வேறாக இருக்கும், தேடுங்கள்.

இன்றைக்குத் தரவு எடுப்பவர்கள் 2023 ஆய்வின் 15.6ஐப் பாருங்கள். உங்கள் தரவு எடுத்த ஆண்டுக்கு எது கிட்டவோ அதுதான் முதல் ஒப்பீடு.

4. யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள், பிறகு ஏன் என்று சொல்லுங்கள்

சரி, அளவுகோல் ஒன்றாகிவிட்டது. என்னுடையது 30, நாடு 18.3. இருநூறு பேரில் கிடைத்த 30க்கு 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி சுமார் 24 முதல் 36 வரை. 18.3 அதற்கு வெளியே இருக்கிறது, ஆகவே எங்கள் குடியிருப்பில் கூடுதல் என்று சொல்லலாம்.

ஆனால் என் 200 பேரும் இந்தியர்கள். 2019 ஆய்வில் இந்தியர்களுக்கு மட்டும் கிடைத்தது 31.4 விழுக்காடு. அது என் இடைவெளிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது! தோட்டத்திலிருந்து வந்ததால் நோய் அதிகம் என்று ஒரு பக்கம் உருக்கமாக எழுதி வைத்திருந்தேன், அந்தப் பக்கம் அத்தோடு போயிற்று. நாட்டில் மற்ற இந்தியர்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இங்கும்.

அதோடு நிற்கவில்லை. தேசிய ஆய்வு 18 வயதிலிருந்து எல்லாரையும் எடுத்தது. நான் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, வாரநாள் காலையில் கோயில் மண்டபத்தில் வைத்து அளந்தேன். இளையவர்கள் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய்விட்டார்கள், வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். வயது ஏற ஏற நீரிழிவு ஏறும். ஆக, வயதைச் சமன் செய்தால் எங்கள் விகிதம் நாட்டு இந்தியர்களைவிடக் குறைவாகக்கூட வரலாம். அறிக்கையில் வயதுவாரி அட்டவணை இருக்கும், அதை வைத்து உங்கள் மாதிரியை வயதுக்கேற்ப எடைபோட்டுப் பார்க்கலாம். புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு அரைநாள் உட்கார்ந்தால் முடியும்.

ஓர் ஆய்வோடு உங்களுடையது வேறுபட்டால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: அளந்த விதம் வேறா, அளக்கப்பட்ட ஆட்கள் வேறா, எண்ணிக்கை சிறியதாக இருந்து தற்செயலாக வந்ததா, இதெல்லாம் இல்லாவிட்டால்தான் நிஜமாகவே வேறா. நாம் எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அதில்தான் கதை இருக்கிறது. ஒத்துப்போனாலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். வேறு அளவுகோல், வேறு வயது, எண் மட்டும் ஒன்று என்றால் அந்த ஒற்றுமைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

என் முதல் நகல் பத்தியை வெட்கத்தை விட்டுத் தருகிறேன்:

> "பங்கேற்ற 200 பேரில் 60 பேருக்கு (30%) நீரிழிவு இருந்தது. ஆண்களில் 28%, பெண்களில் 32%. இது 2015 தேசிய ஆய்வின் 17.5 விழுக்காட்டைவிட அதிகமாகும். இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்ற முந்தைய ஆய்வுகளோடு இது ஒத்துப்போகிறது. ஆகவே தோட்டப்புற மக்களிடையே நீரிழிவு அபாயகரமான நிலையில் உள்ளது."

முதல் இரண்டு வாக்கியங்கள் நான்காம் அத்தியாயம். அடுத்தது தப்பான ஒப்பீடு. அதற்கடுத்தது காரணம் சொல்லாத "ஒத்துப்போகிறது". கடைசி வாக்கியம் எதிலிருந்தும் வரவில்லை, அது என் மனக்குறை. ஏற்றுக்கொள்ளப்பட்ட பத்தி இது:

> "இக்குடியிருப்பில் கிடைத்த 30% என்ற விகிதம், அதே வெட்டு அளவைப் பயன்படுத்திய 2019 தேசிய ஆய்வின் மொத்த விகிதத்தைவிட (18.3%) உயர்ந்தது, ஆனால் அதே ஆய்வில் இந்தியர்களுக்குக் கிடைத்த 31.4 விழுக்காட்டிலிருந்து வேறுபட்டதாகத் தெரியவில்லை. ஆகவே இந்த உயர்வைத் தோட்டப் பின்னணியோடு இணைக்க இத்தரவு இடம் தரவில்லை. மேலும், இம்மாதிரியில் ஐம்பது வயதைக் கடந்தோர் மிகுதி என்பதால் 30% என்பது குடியிருப்பின் உண்மை விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம்."

மூன்றே வாக்கியம். ஒப்பீடு, அதற்கு என்ன பொருள், எவ்வளவு நம்பலாம்.

5. விசித்திரமான முடிவை மறைக்காதீர்கள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள்

இப்போது கோசோங் கதை. சீனி போடாமல் குடிப்பவர்கள் 80 பேர், அவர்களில் 36 பேருக்கு நீரிழிவு, 45 விழுக்காடு. தே தாரே, மீலோ என்று இனிப்பாகக் குடிப்பவர்கள் 120 பேர், அவர்களில் 24 பேருக்கு, 20 விழுக்காடு. சீனி போடாதவருக்கு நோய் இரண்டு மடங்குக்கு மேல்!

முதல் நகலில் இதைப் பற்றி "இது முந்தைய ஆய்வுகளுக்கு முரணாக உள்ளது, மேலும் ஆய்வு தேவை" என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன். "மேலும் ஆய்வு தேவை" என்று நீங்கள் எழுதும் இடத்திலெல்லாம் நின்று பாருங்கள், பாதி இடங்களில் தேவைப்படுவது புது ஆய்வு இல்லை, உங்கள் கையில் இருக்கும் தரவை இன்னொரு தடவை புரட்டுவது.

பரண்மேல் இருந்த கேள்வித்தாள்களை இறக்கினேன். கணக்கெடுக்க எனக்கு உதவிய பெண் சில தாள்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள்: "இனிப்பு நீர் கண்ட பிறகு கோசோங்." இன்னொன்றில், "டாக்டர் சீனியை நிறுத்தச் சொல்லி 6 வருஷம்." நான் கணினியில் ஏற்றியபோது "கோசோங்" என்ற ஒரு சொல்லை மட்டும் ஏற்றியிருக்கிறேன். சீனி இல்லாத தேத்தண்ணி நோயைக் கொண்டுவரவில்லை, நோய் வந்ததால் சீனி போயிருக்கிறது. காரணமும் விளைவும் தலைகீழ். ஒரே நாளில் இரண்டையும் கேட்டு எழுதும் குறுக்குவெட்டு ஆய்வில் எது முன்னால் வந்தது என்று தெரியாது, இந்தத் தலைகீழ் எந்நேரமும் நடக்கும்.

இது ஊகம்தானா என்று சோதிக்க ஒரு வழி இருந்தது. 60 பேரில் 42 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பது முன்பே தெரியும், 18 பேருக்கு எங்கள் மண்டபத்தில் அளந்தபோதுதான் தெரிந்தது. தெரியாதவருக்குப் பழக்கத்தை மாற்றக் காரணமில்லை. ஆகவே தெரிந்த 42 பேரை விலக்கிவிட்டுப் பார்த்தேன். கோசோங் பக்கம் 48 பேர் மிச்சம், அவர்களில் புதிதாகக் கண்டது 4 பேர், சுமார் 8 விழுக்காடு. இனிப்புப் பக்கம் 110 பேர், அவர்களில் 14, சுமார் 13 விழுக்காடு. இரண்டு மடங்கு வித்தியாசம் மறைந்துவிட்டது, திசையே மாறிவிட்டது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. 8, 13 என்ற வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு "ஆகவே சீனிதான் காரணம்" என்று மறுபக்கம் தாவ வேண்டாம். மொத்தமே 18 பேர், இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரும். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதலில் தெரிந்த தொடர்பு, நோய் தெரிந்தவர்கள் பழக்கத்தை மாற்றியதால் வந்திருக்கக்கூடும், அவர்களை நீக்கியதும் அது நிற்கவில்லை.

இன்னொன்று, இந்தப் புதிய கணக்கை நேராக ஐந்தாம் அத்தியாயத்தில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். கலந்துரையாடலில் முதன்முதலாக ஒரு எண் முளைக்கக்கூடாது. நான்காம் அத்தியாயத்துக்குப் போய், பன்னிரண்டாம் அட்டவணையாக அதைச் சேர்த்து, முன்பே திட்டமிடாத பகுப்பாய்வு என்று செய்முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்திலும் ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஐந்தில் அதன் பொருளைப் பேசுங்கள். பக்க எண்கள் எல்லாம் தள்ளிப்போகும், பொருளடக்கம் மாறும், ஒரு முழு நாள் போகும். வேறு வழியில்லை.

6. "வித்தியாசம் இல்லை" என்பதும் ஒரு முடிவு, ஆனால் பார்த்து எழுதுங்கள்

வெளிக்காட்டில் உடல் உழைப்பு வேலை செய்கிறவர்கள் 70 பேர், 19 பேருக்கு நோய். மற்ற 130 பேரில் 41. வாய்ப்பு விகிதம் 0.8, இடைவெளி 0.4 முதல் 1.5 வரை. "தொழிலுக்கும் நீரிழிவுக்கும் தொடர்பில்லை" என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளரின் கேள்விக்குறிகளில் பெரியது அங்கேதான் இருந்தது.

இடைவெளியைப் பாருங்கள். நோய் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைவதும் அதற்குள் அடங்கும், ஒன்றரை மடங்காகக் கூடுவதும் அடங்கும். இந்தத் தரவு ஒன்றையும் விலக்கவில்லை. "தொடர்பு இல்லை" என்பது வேறு, "தொடர்பு இருந்தாலும் 200 பேரில் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பது வேறு. இரண்டாவதுதான் என் நிலை.

அடுத்தது, உடலுழைப்பு நீரிழிவைக் குறைக்கும் என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவை. நான் ஒரு நாள் காலையில் பார்த்தேன். அன்றைக்கு வேலையில் இருந்தவர்களைத்தான் தொழிலாளி என்று எழுதினேன். காலில் புண் ஆறாத ஒருவர் செம்பனைக் குலை வெட்டும் வேலையில் எத்தனை நாள் நிற்பார்? மண்டோரிடம் சொல்லி லேசான வேலைக்கு மாறுவார், அல்லது நின்றுவிடுவார், என் அட்டவணையில் "மற்றவர்" பக்கம் போய்விடுவார். இதை நலமான தொழிலாளி விளைவு என்பார்கள். இது இருந்தால் வெளிக்காட்டுப் பக்கம் உள்ளதைவிட ஆரோக்கியமாகத் தெரியும். ஆக, எனக்குக் கிடைத்த அந்தச் சின்னக் குறைவையும் உழைப்பின் பலன் என்று சொல்ல முடியாது.

இந்தப் படியில் தமிழாசிரியர்போல ஒரு சொல் திருத்தம் சொல்லி நகர்கிறேன்: குறுக்குவெட்டு ஆய்வில் "ஏற்படுத்துகிறது, குறைக்கிறது, பாதிக்கிறது" என்ற வினைகளைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். "சேர்ந்து காணப்படுகிறது" போதும்.

7. குறைபாட்டைச் சொன்னால் திசையையும் சொல்லுங்கள்

"மாதிரி அளவு சிறியது, ஓரிடத்தில் மட்டும் எடுக்கப்பட்டது" என்பது எந்த ஆய்வேட்டிலும் ஒட்டக்கூடிய ஸ்டிக்கர். ஒவ்வொரு குறைக்கும், அது என் எண்ணை மேலே தள்ளுகிறதா கீழே தள்ளுகிறதா என்று எழுதுங்கள். வயதானவர்கள் மிகுதி, அது மேலே தள்ளும். இலவசப் பரிசோதனை என்று கேள்விப்பட்டு ஏற்கெனவே நோய் தெரிந்தவர்கள் கூடுதலாக வந்திருக்கலாம், அதுவும் மேலே. வெறும் வயிற்றோடு வந்தேன் என்று சொன்ன சிலர் வழியில் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்திருந்தார்கள், ஒருவர் உதட்டில் பிஸ்கட் தூளே இருந்தது. அதுவும் மேலேதான். மூன்றும் ஒரே பக்கம் தள்ளுவதால் என் 30ஐ உச்ச அளவாகப் படிக்க வேண்டும் என்று எழுதினேன், வைவாவில் அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

யாருக்குப் பொருந்தும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். இன்று வெளிக்காட்டு வேலையில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், என் மாதிரியில் அவர்கள் ஒருவரும் இல்லை. ஆகவே என் ஆய்வு தாமானுக்கு வந்த முன்னாள் தோட்டக் குடும்பங்களைப் பற்றியது, தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது அல்ல. தலைப்பிலேயே "தோட்டத் தொழிலாளர்" என்று இருந்தது, மாற்ற ஒரு பாரம் நிரப்ப வேண்டி வந்தது. உங்கள் தலைப்பை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

8. அனுப்பும் முன் மூன்று நிறப் பேனா

அத்தியாயத்தை அச்செடுங்கள், திரையில் செய்தால் தெரியாது. என் முடிவைத் திரும்பச் சொல்லும் வாக்கியத்துக்கு மஞ்சள், அடுத்தவர் ஆய்வைச் சொல்லும் வாக்கியத்துக்குப் பச்சை, இரண்டையும் சேர்த்து ஏன், என்ன பொருள் என்று சொல்வதற்கு இளஞ்சிவப்பு. என் முதல் நகல் கிட்டத்தட்ட முழுக்க மஞ்சள், இரண்டாவது முழுக்கப் பச்சை. தேறிய நகலில் ஒவ்வொரு பத்தியிலும் மஞ்சள் ஒரு வரி, பச்சை ஒன்றிரண்டு, மிச்சம் இளஞ்சிவப்பு. மஞ்சள் தொடர்ந்து மூன்று வரி வந்தால் அந்த இடத்தை நான்காம் அத்தியாயத்தோடு வைத்துப் பாருங்கள், அதே வாக்கியம் அங்கே இருக்கும்.

காலக்கணக்கு: ஒப்பீட்டு அட்டவணைக்கு இரண்டு வாரம், எழுத பத்து நாள், விட்டுப்போன பகுப்பாய்வுக்கும் அட்டவணை மாற்றத்துக்கும் ஒரு வாரம். மேற்பார்வையாளர் படிக்க மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுத்தாள் திருத்தும் மாதமென்றால் ஐந்து. அந்த ஐந்தையே வைத்துப் பருவம் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கிட்டத்தட்ட பத்து வாரம் வேண்டும், இரண்டு சுற்று என்றால் பதினைந்து. நான் ஆறு வாரம் இருக்கும்போது தொடங்கினேன். நீட்டிப்பு பாரத்தைத் தேதிக்கு முன்பே கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தாமதக் கட்டணமும் சேர்ந்து வந்தது.